கணக்கு மூடிய பிறகு தெரியவரும் தவறான பில் பதிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் சிறு நிறுவனங்களின் கணக்கு எழுதுபவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானவற்றுக்கு ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன். ஆத்தூர் சாலையில், ஜவ்வரிசி ஆலைகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி செய்து கொடுக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை வியாபாரி 2025 மார்ச் 27 தேதியிட்ட பில்லுடன் தகடு அனுப்பினார். மதிப்பு 4,00,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 72,000, மொத்தம் 4,72,000. மார்ச் 29, சனிக்கிழமை மாலை லாரி வந்து சரக்கு இறங்கியது. மறுநாள் ஞாயிறு, அதற்கடுத்த நாள் ரம்ஜான் விடுமுறை. பில் கேட்டிலேயே தங்கிவிட்டது. ஏப்ரல் 7 அன்றுதான் அலுவலகத்துக்கு வந்தது, அன்றைய தேதியிலேயே கொள்முதலாகப் பதிவானது.

“தவறு தெரிந்ததும் முதலில் என்ன பார்க்க வேண்டும்? எல்லோரும் ‘கணக்கு மூடியாகிவிட்டது’ என்கிறார்கள்.”

எந்த மூடல் என்பதைக் கேளுங்கள். நம் ஊர் அலுவலகங்களில் மூன்று வேறு நிலைகளுக்கும் இதே பேச்சுதான்.

முதலாவது, மாதக் கணக்கு மூடல். அந்த மாத ஜிஎஸ்டி படிவம் போய்விட்டது, வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுத்தாகிவிட்டது, ஆனால் நிதியாண்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, ஆண்டு முடிந்து கணக்கு ஆடிட்டர் மேசையில் இருக்கிறது, கையெழுத்து விழவில்லை. மூன்றாவது, இயக்குநர்களும் ஆடிட்டரும் கையெழுத்திட்டு, பொதுக்குழுவிலும் ஏற்றாகிவிட்டது.

முதல் நிலையில் நடப்பு மாதத்தில் ஒரு ஜர்னல் போதும். இரண்டாவதில் ஆடிட்டருக்குச் சொல்லிவிட்டு மார்ச் 31 தேதியில் சரிசெய்யலாம். மூன்றாவதில் பழைய ஆண்டைத் தொடவே கூடாது, திருத்தம் நடப்பு ஆண்டில்தான் வர வேண்டும். எந்த நிலை என்று தெரியாமல் போடும் திருத்தம் இரண்டாவது தவறாகத்தான் முடியும்.

“சரக்கும் வந்தது, பில்லும் பதிவாகிவிட்டது. ஒரு வாரம் தள்ளிப் பதிவானதில் என்ன நஷ்டம்?”

ஸ்டாக் எண்ணியவர் என்ன செய்தார் என்பதைப் பொறுத்து இருக்கிறது. இதைத்தான் பலர் பார்க்கத் தவறுகிறார்கள்.

நம் கம்பெனியில் ஏப்ரல் 1 காலை, வேலை தொடங்கும் முன், தகடுகளை எடை போட்டு இறுதி இருப்பு எடுத்தார்கள். சனிக்கிழமை இறங்கிய தகடும் அதில் சேர்ந்துவிட்டது. ஆக, 4 லட்ச ரூபாய்ச் சரக்கு இருப்பில் இருக்கிறது, கொள்முதலில் இல்லை. இலவசமாகக் கிடைத்த சரக்கைப் போல அது அப்படியே 2024-25 லாபத்தில் ஏறிவிடுகிறது. அடுத்த ஆண்டில் நேர்மாறாக நடக்கும். அதே தகடு தொடக்க இருப்பிலும் 4 லட்சம், ஏப்ரல் கொள்முதலிலும் 4 லட்சம் என்று இரண்டு முறை செலவாகி லாபத்தைக் குறைக்கும். இரண்டு ஆண்டுகளைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். வரியும் வங்கிக் கடன் வரம்பும் இரண்டு ஆண்டுகளைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

எண்ணியவர் “இதற்கு இன்னும் பில் வரவில்லை” என்று அந்தத் தகட்டை ஒதுக்கி வைத்திருந்தால் கதை வேறு. கொள்முதலும் இல்லை, இருப்பும் இல்லை, ஆகவே லாபம் பாதிக்கப்படவில்லை. இருப்புநிலைக் குறிப்பில் மட்டும் சரக்கு 4 லட்சமும், கொடுக்க வேண்டிய கடன் 4,72,000-மும், வரி வரவு 72,000-மும் விடுபட்டிருக்கும். ஆகவே திருத்த ஜர்னல் எழுத உட்காரும் முன், ஸ்டாக் எடுத்த தாளை வாங்கிப் பாருங்கள். தாளில் அந்தத் தகட்டின் அளவும் எடையும் இருக்கிறதா இல்லையா என்பதுதான் எந்தத் திருத்தம் என்பதை முடிவு செய்கிறது.

மின்சாரம், கூலி வேலை, பழுதுபார்ப்பு போன்ற பில்களில் ஸ்டாக் என்ற ஒன்று இல்லை. அவை தள்ளிப் பதிவானால் நேராக லாபத்தைத்தான் தொடும்.

“ஆடிட்டர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஏப்ரல் 7 வவுச்சரின் தேதியை மார்ச் 29 என்று மாற்றிவிட்டால் முடிந்ததல்லவா?”

மாற்றாதீர்கள். ஏப்ரல் மாத GSTR-3B-இல் அந்த 72,000 ரூபாய் வரியை எடுத்திருப்பீர்கள். வவுச்சர் தேதியை மாற்றினால் டேலியின் ஜிஎஸ்டி அறிக்கையில் அது மார்ச்சுக்குத் தாவிவிடும். தாக்கல் செய்த இரண்டு மாதப் படிவங்களும் புத்தகத்தோடு ஒத்துப்போகாது.

ஏப்ரல் 7 வவுச்சரை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு ஜர்னல் போடுங்கள்.

2025 மார்ச் 31 தேதியில்:
கொள்முதல் பற்று 4,00,000
எடுக்க வேண்டிய வரி வரவு பற்று 72,000
சென்னை சப்ளையர் வரவு 4,72,000

2025 ஏப்ரல் 1 தேதியில் அதையே திருப்பி:
சென்னை சப்ளையர் பற்று 4,72,000
கொள்முதல் வரவு 4,00,000
எடுக்க வேண்டிய வரி வரவு வரவு 72,000

முதல் ஜர்னலால் மார்ச் கணக்கில் கொள்முதலும் கடனும் வந்துவிடுகின்றன. இரண்டாவது ஜர்னல், ஏப்ரல் 7 வவுச்சரோடு அடித்துக்கொண்டு, ஏப்ரல் கொள்முதலைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. சப்ளையர் லெட்ஜரில் ஒரே 4,72,000 மட்டும் நிற்கும். “எடுக்க வேண்டிய வரி வரவு” என்று தனி லெட்ஜர் வைப்பது முக்கியம். மார்ச் ஜர்னலில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி லெட்ஜர்களையே பயன்படுத்தினால் அந்தத் தொகை ஜிஎஸ்டி அறிக்கைக்குள் நுழைந்து, ஒரே பில்லுக்கு இரண்டு முறை வரி எடுத்தது போல் காட்டும்.

“கையெழுத்தே ஆகிவிட்டது சார். நவம்பரில் சப்ளையர் ஸ்டேட்மென்டைச் சரிபார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. டேலி திறந்துதானே இருக்கிறது, மார்ச்சில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்?”

டேலியில் ஆண்டைப் பூட்டும் நடைமுறை தானாக நடப்பதில்லை. நீங்கள் கட்டுப்பாடு வைக்காதவரை பழைய தேதியில் பதிவு விழும். விழுந்த மறுகணம் சென்ற ஆண்டின் லாபம் மாறும். ஒரே கம்பெனிக் கோப்பில் தொடர்ந்து எழுதுபவர்களுக்கு இந்த ஆண்டின் தொடக்க இருப்புகளும் சத்தமில்லாமல் மாறிவிடும். கையெழுத்தான இருப்புநிலைக் குறிப்பு ஒன்று, கணினியில் இருப்பது வேறொன்று. அடுத்த ஆண்டு ஆடிட்டர் தொடக்க இருப்பை ஒப்பிடும் முதல் நாளே 4 லட்சம் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கம்பெனிகளுக்கு இன்னொன்றும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்துவைக்கும், நிறுத்த முடியாத தணிக்கைத் தடம் உள்ள மென்பொருளில்தான் கம்பெனிகள் கணக்கு எழுத வேண்டும். டேலியில் அது `Edit Log` என்று இருக்கிறது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று அதில் நிற்கும், ஆடிட்டரும் அதைப் பற்றித் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும்.

ஏற்கப்பட்ட நிதிநிலை அறிக்கையைத் தானாக முன்வந்து மாற்ற, கம்பெனிச் சட்டம் 131-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தின் ஒப்புதல் வேண்டும். ஒரு லாரித் தகட்டுக்காக யாரும் அந்த வழியில் போவதில்லை. நடப்பு ஆண்டில்தான் சரிசெய்ய வேண்டும்.

“அப்படியானால் நவம்பரில் என்ன பதிவு போடுவது?”

ஒரே ஒரு ஜர்னல், கண்டுபிடித்த தேதியில்:

முந்தைய ஆண்டுக்குரிய இனங்கள் பற்று 4,00,000
கொள்முதல் வரவு 4,00,000

அவ்வளவுதான். சப்ளையர் லெட்ஜரில் ஏப்ரல் 7 முதல் சரியான தொகை இருக்கிறது, வரியும் எடுத்தாகிவிட்டது. தவறான இடத்தில் நிற்பது கொள்முதல் என்ற ஒரு வரி மட்டும்தான், அதை மட்டும் நகர்த்துங்கள். முழு பில்லையும் ரத்து செய்து மறுபடி போடுபவர்கள், கட்டிய பணத்தோடு பில் பொருந்தியிருந்ததையும் குலைத்து, ஜிஎஸ்டியையும் குழப்பிவிடுகிறார்கள்.

கணக்கியல் தரம் 5, தவறாலோ விடுபட்டதாலோ பின்னால் வரும் முந்தைய ஆண்டுச் செலவை, நடப்பு ஆண்டு லாபத்தின் மீதான தாக்கம் தெரியும்படி தனியாகக் காட்டச் சொல்கிறது. அதனால்தான் தனித் தலைப்பு. இதைச் செய்யாவிட்டால் இந்த ஆண்டின் மொத்த லாப விகிதம் காரணமில்லாமல் சரிந்து, வங்கி மேலாளர் கேட்கும் கேள்விக்கு உங்கள் முதலாளியிடம் பதில் இருக்காது. இந்திய கணக்கியல் தரங்களான இண்ட் ஏஎஸ் பின்பற்றும் பெரிய கம்பெனிகளுக்கு முறை வேறு. தவறு பெரிதாக இருந்தால், அவர்கள் அடுத்த அறிக்கையில் அச்சிடும் முந்தைய ஆண்டு எண்களையே திருத்திக் காட்ட வேண்டும்.

ஸ்டாக் தாளில் அந்தத் தகடு சேராமல் இருந்திருந்தால் இந்த ஜர்னலே வேண்டாம். தொடக்க இருப்பில் இல்லாத சரக்கு, ஏப்ரல் கொள்முதலில் ஒரே முறைதான் செலவாகிறது. போன ஆண்டு இருப்புநிலைக் குறிப்பில் விடுபட்டதை ஆடிட்டரிடம் சொல்லுங்கள், பதிவு எதுவும் போடாதீர்கள்.

“3,200 ரூபாய் கூரியர் பில்லுக்கும் இதே பாடா?”

வேண்டாம். இந்த ஆண்டுச் செலவிலேயே இருக்கட்டும். எந்தத் தொகைக்கு மேல் தனியாகக் காட்டுவது என்று ஆடிட்டரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

“சென்னைக்காரரிடம் கிரெடிட் நோட் வாங்கிக்கொண்டு, புதுத் தேதியில் பில் போடச் சொன்னால் எல்லாம் நேராகிவிடும் என்கிறாரே எங்கள் முதலாளி?”

அவருடைய பில்லில் தவறே இல்லை. சரக்கு திரும்பிப் போனாலோ, விலையோ வரியோ கூடுதலாகப் போடப்பட்டிருந்தாலோ, சரக்கில் குறை இருந்தாலோதான் ஜிஎஸ்டி சட்டப்படி கிரெடிட் நோட்டுக்கு இடமுண்டு. நம் எழுத்தர் தள்ளிப் பதிந்தது அதில் சேராது. அவர் தயவுக்காக ஒன்று போட்டுக் கொடுத்தால், உங்கள் GSTR-2B-இல் அது வந்து 72,000 ரூபாய் வரி வரவைத் திருப்ப வேண்டியதாகிவிடும். சரக்கோடு வந்த இ-வே பில்லில் மார்ச் தேதி இருக்க, பில்லில் வேறு தேதி இருந்தால் இன்னொரு விளக்கக் கடிதமும் எழுத வேண்டியிருக்கும்.

“மார்ச் பில்லுக்கு ஏப்ரலில் வரி எடுத்தது தவறில்லையா?”

இல்லை. செலவு எந்த ஆண்டுக்கு உரியது என்பதும், வரி வரவை எந்த மாதத்தில் எடுக்கலாம் என்பதும் வேறு வேறு கேள்விகள். ஒரு நிதியாண்டின் பில்லுக்கான வரி வரவை அடுத்த நவம்பர் 30 வரை எடுக்கலாம். அந்த ஆண்டின் வருடாந்திரப் படிவத்தை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால், அந்த நாளோடு உரிமை முடிந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் கடைசி நாள் 2025 நவம்பர் 30. பில்லே பதிவாகாமல் இருந்து டிசம்பரில் தெரியவந்திருந்தால் 72,000 ரூபாயும் போயிருக்கும், அதையும் சரக்கின் விலையோடு சேர்க்க வேண்டியதுதான். ஆகவே நவம்பரில் தவறு தெரிந்தால் ஜர்னலை நாளை எழுதலாம், வரி எடுத்தாகிவிட்டதா என்பதை இன்றே பாருங்கள். வருடாந்திரப் படிவத்தில் போன ஆண்டு பில்லுக்கு இந்த ஆண்டு எடுத்த வரியைக் காட்டத் தனிக் கட்டங்கள் இருக்கின்றன, அங்கே இந்த 72,000 வர வேண்டும்.

“மார்ச் 31 அன்று லாரி உளுந்தூர்பேட்டையில் நின்றிருந்தால்?”

விலை பேசிய முறையைப் பாருங்கள். சென்னை கிடங்கில் ஏற்றியதும் சரக்கு நம் பொறுப்பு என்று பேசியிருந்தால், அது வழியில் இருக்கும் நம் சரக்கு. கொள்முதலும் மார்ச்சில் வரும், இருப்பும் மார்ச்சில் வரும். நம் வாசலில் இறக்கும்வரை அவர் பொறுப்பு என்றால் ஏப்ரல் பதிவே சரி, திருத்த ஒன்றுமில்லை. எப்படிப் பேசியிருந்தாலும், சரக்கு கைக்கு வரும் முன் வரி வரவு எடுக்க முடியாது.

“நாங்கள் மார்ச்சிலேயே ‘பில் வராத சரக்கு’ என்று ஒதுக்கீடு போட்டிருந்தோம். ஆனாலும் ஏப்ரல் லாபம் குறைந்து தெரிகிறது.”

ஏப்ரலில் பில் வந்தபோது அதை ஒதுக்கீட்டோடு கழிக்காமல் மறுபடியும் கொள்முதலில் போட்டிருப்பார்கள். பில் வராத சரக்கு லெட்ஜரைத் திறந்து பாருங்கள். 4 லட்சம் அசையாமல் அப்படியே நிற்கும். ஒதுக்கீட்டைப் பற்று வைத்து, கொள்முதலை வரவு வையுங்கள். இங்கே போன ஆண்டுக் கணக்கு சரியாகவே இருக்கிறது, எனவே முந்தைய ஆண்டு இனம் என்ற பேச்சே எழாது.

“போன ஆண்டு லாரி வாடகைப் பில் ஒன்று பழுதுபார்ப்புச் செலவில் ஏறிவிட்டது. கணக்கு கையெழுத்தாகிவிட்டது. இந்த ஆண்டு வாடகையைப் பற்று, பழுதுபார்ப்பை வரவு வைத்துவிடலாமா?”

கூடவே கூடாது. செலவுக் கணக்குகள் ஆண்டு இறுதியில் லாபநட்டக் கணக்குக்குப் போய்ப் பூஜ்யமாகிவிடுகின்றன. போன ஆண்டின் பழுதுபார்ப்பு இந்த ஆண்டு லெட்ஜரில் இல்லவே இல்லை. நீங்கள் சொல்லும் ஜர்னலைப் போட்டால், சரியாக இருக்கும் இந்த ஆண்டின் வாடகை கூடியும் பழுதுபார்ப்பு குறைந்தும் காட்டும். லாபம் மாறாததால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள், தவறு அங்கேயே தங்கிவிடும். பதிவு எதுவும் வேண்டாம். அடுத்த லாபநட்டக் கணக்கில் ஒப்பீட்டுக்காக அச்சிடும் முந்தைய ஆண்டு எண்களில் மட்டும் ஆடிட்டர் மாற்றி வகைப்படுத்துவார், அதற்கு ஒரு குறிப்பு கொடுங்கள்.

நடப்பு ஆண்டுக்குள்ளேயே நடந்த தவறு என்றால் அதே ஜர்னல் சரியானது.

“2025 ஜனவரியில் வாங்கிய 1,80,000 ரூபாய் வெல்டிங் மெஷினை பழுதுபார்ப்பில் எழுதிவிட்டார்கள். இதற்கும் பதிவு வேண்டாமா?”

இதற்கு வேண்டும், ஏனென்றால் மெஷின் இன்றும் பட்டறையில் இருக்கிறது. சொத்துக் கணக்கு ஆண்டு தாண்டியும் தொடரும். வரி வரவை எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 15 ஆண்டு ஆயுள், 5 சதவீத எஞ்சிய மதிப்பு என்று சமத் தேய்மானம் போட்டால் ஆண்டுக்கு 11,400. ஜனவரி முதல் மார்ச் வரை சுமார் 2,850. நடப்பு ஆண்டில் இயந்திரக் கணக்கு பற்று 1,80,000, திரண்ட தேய்மானம் வரவு 2,850, முந்தைய ஆண்டுக்குரிய இனங்கள் வரவு 1,77,150. அதன் பிறகு இந்த ஆண்டின் தேய்மானத்தை வழக்கம்போல் போடுங்கள். ஜிஎஸ்டியில் மாற்றமில்லை. தொழிலுக்கு வாங்கிய மெஷினுக்கும் பழுதுபார்ப்புக்கும் வரி வரவு ஒரேபோல் உண்டு.

“வருமான வரிக்கு என்ன செய்வது?”

இரண்டு தவறுகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. தகடு பில்லில் போன ஆண்டு 4 லட்சம் அதிக லாபத்துக்கு வரி கட்டியிருக்கிறீர்கள். 22 சதவீத விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு மிகைவரி, செஸ் சேர்த்து 25.168 சதவீதம், அதாவது சுமார் ஒரு லட்ச ரூபாய். அதை இந்த ஆண்டுச் செலவாகக் கேட்டால், போன ஆண்டுக்கு உரியது என்று மறுக்க வாய்ப்புண்டு. வரித் தணிக்கை அறிக்கையான 3சிடி படிவத்தில் 27(பி) பிரிவு முந்தைய ஆண்டு இனங்களைத் தனியாகக் கேட்கிறது, மறைக்க வழியில்லை. ஆகவே போன ஆண்டின் வருமானக் கணக்கீட்டில் அந்தச் செலவைச் சேர்த்துத் திருத்திய படிவம் தாக்கல் செய்ய வேண்டும். 2024-25 நிதியாண்டுக்கு அதன் கெடு 2025 டிசம்பர் 31. நவம்பரில் கண்டுபிடித்தவருக்கு ஒரு மாதம்தான் கையில் இருந்தது.

மெஷினில் நிலைமை தலைகீழ். வருமான வரிக் கணக்கில் அதற்கு 15 சதவீதத் தேய்மானம், 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டதால் பாதி, அதாவது 13,500 ரூபாய்தான் கழிவு. 1,80,000 கழித்திருப்பதால் 1,66,500 குறைத்துக் காட்டியிருக்கிறீர்கள். வரியை வட்டியோடு கட்டித் திருத்த வேண்டும். திருத்திய படிவத்தின் கெடு தாண்டிவிட்டால் `ITR-U` வழி இருக்கிறது, கூடுதல் தொகை பிடிக்கும். வரியைக் குறைத்துக் கேட்க அந்த வழி உதவாது. அதனால் இரண்டையும் ஒன்றாகக் கண்டுபிடித்தால், கெடுவுக்குள் ஒரே திருத்திய படிவத்தில் முடிப்பதுதான் நல்லது.

“நாங்கள் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் கூட்டாண்மை நிறுவனம். எங்களுக்குப் பொதுக்குழு எல்லாம் கிடையாதே?”

தீர்ப்பாயமும் கட்டாய `Edit Log`-உம் உங்களுக்கு இல்லை. பங்குதாரர்கள் கையெழுத்திட்டு லாபத்தை மூலதனக் கணக்குகளில் பிரித்த நாள்தான் உங்கள் மூடல். அங்கேதான் கவனம் வேண்டும். மார்ச்சில் இறங்கி அப்போதே தோட்டத்தில் போட்டு முடித்த உரத்தின் பில் ஏப்ரலில் பதிவாகியிருந்தால், போன ஆண்டு பங்கிட்ட லாபம் அந்த அளவுக்கு அதிகம். இடையில் பங்கு விகிதம் மாறியிருந்தாலோ, ஒருவர் விலகியிருந்தாலோ, அந்தச் செலவை இந்த ஆண்டு லாபத்தில் கழித்தால் புதிதாக வந்தவர் பழைய ஆண்டின் செலவைச் சுமப்பார். எனவே பழைய விகிதத்தில் மூலதனக் கணக்குகளைப் பற்று வைத்து, உரச் செலவை வரவு வையுங்கள். எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வறுக்காத காப்பிக்கொட்டைக்கு ஜிஎஸ்டி இல்லாததால், அதை மட்டும் விற்கும் தோட்டத்துக்கு உரப் பில்லின் வரியும் செலவில் சேரும். திருத்தத் தொகை அதையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும்.

“அடுத்த ஆண்டு இதைக் கணக்கு மூடும் முன்பே பிடிக்க முடியுமா?”

டேலி கொள்முதல் வவுச்சரில் சப்ளையர் பில் தேதிக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. அதை நிரப்பும் பழக்கம் இருந்தால், ஏப்ரல் வவுச்சர்களில் மார்ச் தேதி பில்களைப் பத்து நிமிடத்தில் பிரித்தெடுக்கலாம். அவற்றைக் கேட் பதிவேட்டின் கடைசி வாரப் பக்கங்களோடு ஒப்பிடுங்கள். ஏப்ரல் 14 வாக்கில் வரும் மார்ச் GSTR-2B-யையும் மார்ச் கொள்முதலோடு ஒட்டிப் பாருங்கள். சப்ளையர் நேரத்துக்குப் படிவம் போட்டிருந்தால், விடுபட்ட பில் அங்கே எழுந்து நிற்கும்.

“திருத்த ஜர்னலோடு என்னென்ன வைக்க வேண்டும்?”

பில், கேட் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், எடைமேடைச் சீட்டு, ஸ்டாக் தாளில் அந்த வரி, அனுமதித்தவரின் கையெழுத்து. விவரக் குறிப்பில் “திருத்தப் பதிவு” என்று மட்டும் எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: “27-03-2025 தேதியிட்ட தகடு பில், சரக்கு வரவு 29-03-2025, 31-03-2025 இருப்பில் சேர்ந்தது, 07-04-2025 அன்று நடப்பு ஆண்டுக் கொள்முதலில் பதிவானதால் 4,00,000 முந்தைய ஆண்டு இனத்துக்கு மாற்றப்படுகிறது, வரி, சப்ளையர் கணக்கில் மாற்றமில்லை.”